வாங்கும்போது 10, திருப்பும்போது 79

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது ஆன்லைனில் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் என் மகளிடம் சொல்லித்தான் ஆர்டர் போடுவார்கள். அத்தனை பேரும் பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கிறவர்கள். முன்கூட்டியே பணம் கட்டி ஏமாந்த கதை இங்கே நிறைய உண்டு. அதனால்தான் பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுக்கிறோம் என்கிறார்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மிக்ஸி ஜார் ஒன்று ஆர்டர் போட்டோம். விலை 599 ரூபாய், டெலிவரி இலவசம் என்று காட்டியது. முகவரி எல்லாம் கொடுத்து, கேஷ் ஆன் டெலிவரி என்று அழுத்திய பிறகு தொகை 609 ஆகிவிட்டது. ஹேண்ட்லிங் கட்டணம் என்று 10 ரூபாயைச் சின்ன எழுத்தில் சேர்த்திருந்தார்கள். பார்சல் வந்த அன்று பையன் நீட்டிய க்யூஆர் கோடில் மகள் யுபிஐ வழியாகத்தான் கட்டினாள். அப்படியும் 609தான். ரொக்கத்தை எண்ணிக் கொண்டுபோகிற செலவுக்குத்தான் இந்தக் கட்டணம் என்றால், ரொக்கமே கைமாறாதபோது அது எதற்கு?

ஜார் பொருந்தவில்லை. விற்பனைப் பக்கத்தில் மிக்ஸியின் மாடல் பெயரைப் போட்டு 'பொருந்தும்' என்றுதான் விற்றார்கள். ஆனால் அடியில் இருக்கும் கப்ளரின் பல் வேறு மாதிரி, மிக்ஸியில் உட்காரவே இல்லை. சரி, திருப்பி அனுப்புவோம் என்று போனால் காரணம் கேட்டது. மகள் அவசரத்தில் முதலாவதாக இருந்த 'இப்போது தேவையில்லை' என்பதை அழுத்திவிட்டாள். பையன் வந்து எடுத்துக்கொண்டு போனான். அக்காவின் வங்கிக் கணக்கில் ஏறியது 520 ரூபாய். ஹேண்ட்லிங் 10 திரும்பவில்லை. பிக்கப் கட்டணம் என்று 79 ரூபாயைக் கழித்துவிட்டார்கள்.

விசாரித்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. நாம் எந்தக் காரணத்தை அழுத்துகிறோம் என்பதை வைத்துத்தான் அந்த நிறுவனத்தில் பிக்கப் கட்டணம் விழுகிறது. 'தவறான பொருள்', 'விவரித்தபடி இல்லை' என்று போட்டிருந்தால் கட்டணமே கிடையாது. தேவையில்லை என்று போட்டால் மனம் மாறியதாகக் கணக்கு. எடுக்க வருகிற பையனுக்குத் தெரிவது நாம் அழுத்திய காரணம் மட்டும்தான். அதனால் அவரிடம் சொல்லி எந்தப் பயனும் இல்லை.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், டெலிவரி, ஹேண்ட்லிங் உட்பட எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்த விலையை ஒரே தொகையாகவும், பிரித்தும் விற்பவர் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. திருப்பி அனுப்பும் செலவையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரம் செய்தபடி பொருள் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பணம் தரவும் மறுக்கக்கூடாது. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களோ, விலையை முதலிலேயே சொல்லாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதை ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. கேஷ் ஆன் டெலிவரிக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது குறித்து 2025 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விசாரணையும் தொடங்கியது.

நாங்கள் விடவில்லை. விற்பனைப் பக்கம், பணம் கட்டும் பக்கம், கப்ளர் என்று மூன்றையும் படமாக எடுத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசிப் புகார் எண் வாங்கினோம். ஒன்பதாவது நாள் 79 ரூபாய் வந்தது. 10 ரூபாய் இன்னும் வரவில்லை.

வாசலில் வாங்காமல் திருப்பி விடுகிறவர்களால் நிறுவனங்களுக்கு நஷ்டம் உண்டு, அதை மறுக்கவில்லை. கட்டணம் வாங்குவதென்றால் 599 என்று எழுதும் இடத்திலேயே 'ரொக்கத்துக்கு 609' என்றும் எழுதட்டும், வாங்குவதா வேண்டாமா என்று அக்கா அங்கேயே முடிவு செய்திருப்பார். காரணப் பட்டியலில் எதை அழுத்தினால் எவ்வளவு கழியும் என்பதையும் அழுத்துவதற்கு முன்பே காட்டட்டும். தவறு விற்றவருடையது என்று படம் காட்டி நிரூபித்த பிறகு, ஹேண்ட்லிங் கட்டணத்தையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும். இந்த மூன்றையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவாகவே போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்