கம்பளியைக் கழுத்தில் வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால உடைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கம்பளி உடுத்தினால் அரிப்பதற்கு ‘அலர்ஜி’தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

பெரும்பாலோருக்கு இது அலர்ஜியே அல்ல, வெறும் குத்தல். துணியின் மேற்பரப்பில் இழை நுனிகள் மெல்லிய ரோமம்போல நீட்டிக்கொண்டிருக்கும். தோலில் பட்டதும் மெல்லிய நுனி வளைந்து கொடுத்துவிடும். தடித்தது வளையாமல் அழுத்தும். ஏறத்தாழ 75 மில்லிகிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தை ஒரு நுனி தாங்கி நின்றால், தோலுக்கடியில் வலியை உணரும் நரம்பு முனை விழித்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு நுனி என்றால் தெரியாது, நெருக்கமாகப் பல குத்தும்போதுதான் சொறியத் தோன்றும்.

எது தடித்தது? சுமார் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இழையின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். அதனால் 20 மைக்ரான் இழையைவிட 30 மைக்ரான் இழை ஒன்றரை மடங்குதான் தடிமன் என்றாலும், அதே நீளத்துக்கு ஐந்து மடங்கு அழுத்தம் தாங்கும். நீளமும் கணக்கில் வரும். தென்னந்துடைப்பத்தில் நீண்ட ஈர்க்கு வளையும், தேய்ந்து குட்டையான ஈர்க்கு குத்தும் அல்லவா?

மெரினோ என்ற செம்மறி இனத்தின் கம்பளியைக் கடையில் ‘21 மைக்ரான் மெரினோ’ என்று சொல்லி விற்கிறார்கள். அது சராசரி மட்டுமே. ஒரே சராசரியுள்ள இரண்டு நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இழைகள் எல்லாம் 21-ஐ ஒட்டியே இருக்கின்றன, 30-ஐத் தாண்டுபவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மற்றதில் 12-ம் உண்டு, 33-ம் உண்டு, 30-ஐத் தாண்டுபவை ஏழெட்டு. சீட்டில் இரண்டுக்கும் எண் ஒன்றே. ஆனால் நூற்றுக்கு ஐந்து என்பதுதான் பலருக்கும் பொறுக்கும் எல்லை. முதல் ஸ்வெட்டரை வெறும் தோலில் போடலாம், இரண்டாவதில் கழுத்து சிவந்துவிடும். அதனால் நாங்கள் சராசரியோடு நிறுத்தாமல், 30-க்கு மேல் எத்தனை சதவீதம் என்றும் கேட்போம்.

காஷ்மியர் மென்மையாக இருப்பதற்கும் இதே கணக்குதான். காஷ்மியர் தரும் வெள்ளாட்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம். வெளியே முரட்டு ரோமம், அடியில் 14 முதல் 16 மைக்ரான் வரையிலான பஞ்சு ரோமம். லடாக்கின் சாங்தாங் பகுதி ஆடுகளில் இன்னும் மெல்லியதும் கிடைக்கும், பஷ்மினா என்பது அதுதான். வசந்த காலத்தில் சீவி எடுத்த பிறகு, முரட்டு ரோமத்தைப் பிரித்து நீக்க வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நடந்தால் அசல் காஷ்மியரே குத்தும். குத்துவதாலேயே போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அமெரிக்கச் சட்டம் காஷ்மியர் என்று விற்பதற்குச் சராசரி 19 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. 30-க்கு மேற்பட்டது எடையில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சென்னையில் நாம் ஸ்வெட்டர் வாங்குவது பெரும்பாலும் கொடைக்கானலுக்கோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கோ போகத்தான். தி. நகரில் எல்லோரும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து ‘பட்டு மாதிரி இருக்கு’ என்கிறார்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பு, அதற்கு இந்தக் குத்தல் தெரியாது. போதாததற்கு, சிலிக்கோன் பூச்சு போட்ட துணி கைக்கு வழுக்கும், இழையின் தடிமன் மட்டும் மாறாது. மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டுவதும் துணி மெல்லியது என்பதற்குத்தான் சான்று, மரக்கூழில் செய்த விஸ்கோஸ் சால்வையும் அதே மோதிரத்தில் நுழையும்.

முன்கையின் உட்புறத்திலோ கழுத்தின் பக்கவாட்டிலோ துணியை லேசாக அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். ஏ.சி. கடைக்குள் நுழைந்த உடனே இதைச் செய்தாலும் நல்லதே. வியர்வையில் ஊறி இளகிய தோலில் நுனி எளிதாகப் பதியும் என்பதால், அப்போது பொறுக்கிற துணி குளிரில் பெரும்பாலும் பொறுக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு அவதிப்படுபவர்கள் உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் போதும். ரேசரால் மேல் ரோமத்தை மழிக்க வேண்டாம். நுனி குட்டையானால் இன்னும் விறைக்கும்.

இப்படிக்கு,
வெ. சுந்தரி,
அம்பத்தூர், சென்னை.