மார்பின் எழுதும்போதே மோஷன் மாத்திரையும் எழுத வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய் வலிக்கு மார்பின் கொடுப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மார்பின் கொடுத்தாலே கடைசிக்கட்டம், அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்தையெல்லாம் நன்றாகவே உடைத்திருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் பக்கவிளைவு என்று வரும்போது, "மலச்சிக்கல் வரலாம், நார்ச்சத்து உணவும் நிறைய தண்ணீரும் எடுத்துக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். வலி நிவாரணப் பிரிவில் செவிலியராக இருந்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவள் நான். வலி தாங்காமல் மார்பினை விட்டவர்களை நான் பார்த்ததில்லை, வயிறு தாங்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில், "வரலாம்" என்பதே சரியில்லை. தினமும் மார்பின் எடுப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வரும், வரும் என்று வைத்துக்கொண்டுதான் மருத்துவம் பார்க்க வேண்டும். காரணம் எளிது. மார்பின் மூளையிலும் தண்டுவடத்திலும் எந்த ஏற்பியில் ஒட்டிக்கொண்டு வலியை அடக்குகிறதோ, அதே ஏற்பி குடல் சுவரில் ஓடும் நரம்பு வலையிலும் இருக்கிறது. அங்கே அது ஒட்டியதும் குடல் முன்னோக்கித் தள்ளுவது குறைந்துபோகிறது, நின்ற இடத்திலேயே சுருங்கிச் சுருங்கி விரிகிறது. குடலுக்குள் நீர் சுரப்பதும் குறைகிறது, மலம் அங்கேயே கிடக்கக் கிடக்க இருக்கிற நீரையும் குடல் உறிஞ்சிவிடுகிறது. ஆசனவாய்த் தசையும் இறுகிக்கொள்கிறது. மார்பின் ஆரம்பித்த புதிதில் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் உடம்புக்குப் பழகிப்போகும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது, மாத்திரை எத்தனை நாளோ அத்தனை நாளும் கூடவே இருக்கும்.

இப்போது நார்ச்சத்துக்கு வருகிறேன். தள்ளாத குடலுக்குள் உமி போலப் பொருளைச் சேர்த்தால் என்ன ஆகும்? அடைப்பு இன்னும் பெரிதாகும். அதுவும் சரியாகத் தண்ணீர் குடிக்க முடியாதவர்களுக்கு இசப்கோல் கொடுப்பது ஆபத்தில் போய் முடியலாம். கீரை, பழம், வெந்நீர் எல்லாம் சாப்பிட முடிந்தவர்களுக்கு நல்லதுதான், ஆனால் மார்பினால் வரும் மலச்சிக்கலுக்கு அது மருந்தாகாது.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. வாய்ப் புற்று வந்த ஒரு பெரியவர், கதிர்வீச்சு முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. கஞ்சி, மோர், சின்ன மாத்திரை, இவ்வளவுதான் தொண்டைக்குள் இறங்கும். 10 மில்லிகிராம் மார்பின் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், குமட்டலுக்கு ஆன்டான்செட்ரான். அந்த ஆன்டான்செட்ரானும் மலத்தைக் கட்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வலி நன்றாகக் குறைந்து, மனிதர் பல நாளுக்குப் பிறகு தூங்கினார். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று மருமகள் கவலைப்பட்டதற்கு, "சாப்பிட்டால்தானே வரும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இது பரவலாக இருக்கும் தப்பான நம்பிக்கை. மலத்தில் கணிசமான பங்கு கிருமிகளும் குடல் உதிர்க்கும் செல்களும்தான், கஞ்சி மட்டும் குடிப்பவருக்கும் மலம் சேரும்.

ஆறாம் நாள் தண்ணீராக ஒழுக ஆரம்பித்தது, துணியெல்லாம் கறை. வயிற்றுப்போக்கு என்று நினைத்து மகன் மெடிக்கலில் லோபராமைடு வாங்கிக் கொடுத்துவிட்டார். நான் போனபோது பெரியவர் கஞ்சியையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சிறுநீர் சரியாகப் பிரியாமல், பகல் எது இரவு எது என்று தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். நோய் முற்றிவிட்டது என்றே வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். விரல் விட்டுப் பார்த்தபோது மலக்குடல் முழுக்கக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதன் ஓரமாகக் கசிந்துவந்த நீரைத்தான் பேதி என்று நினைத்திருக்கிறார்கள். டாக்டரைக் கேட்டு, வலிக்கு ஒரு கூடுதல் வேளை மருந்து கொடுத்து, எண்ணெய் எனிமா வைத்து ஊறவிட்டு, மரத்துப்போகும் ஜெல் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். சாயங்காலம் சிறுநீர் தானாகப் போனது. மறுநாள் ஆளையும் அடையாளம் கண்டுகொண்டார். அப்புறம் ராத்திரி பிசகோடில் 5 மில்லிகிராம் இரண்டு மாத்திரையும், காலையும் மாலையும் லாக்டுலோஸ் 15 மில்லியும் டாக்டர் எழுதினார். மார்பினைக் குறைக்கவே இல்லை.

இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். குடலைத் தூண்டுகிற மருந்து ஒன்று (சென்னா அல்லது பிசகோடில்), தேவைப்பட்டால் மலத்தில் நீரைத் தங்கவைக்கிற மருந்து ஒன்று (லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைகால் தூள்). மலத்தை மிருதுவாக்குகிற மருந்தை மட்டும் தனியாக எழுதிக்கொடுத்து அனுப்புவதால் பெரிய பிரயோஜனம் இல்லை, தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே. பிசகோடில் வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும், அதனால் படுக்கும் முன் போட்டால் காலையில் போகலாம். அந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, பாலோடும் கூடாது. லாக்டுலோஸ் பலன் தர ஒன்றிரண்டு நாள் ஆகும், முதல் நாளே ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ ஒரு முறை, முக்காமல் போக வேண்டும், அதுதான் கணக்கு. போகவில்லையென்றால் டாக்டரைக் கேட்டு அளவைக் கூட்ட வேண்டும், மார்பின் அளவு கூடும்போது இதையும் திரும்பப் பார்க்க வேண்டும். மூன்று நாள் தாண்டிவிட்டால் காத்திருக்காமல் மலக்குடலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் வயிறு உப்பி, விட்டுவிட்டு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது வீட்டில் மலமிளக்கி எதுவும் கொடுக்கக் கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீமோ நடந்து வெள்ளணு குறைந்திருக்கிறவருக்கு எனிமாவோ ஆசனவாய் மாத்திரையோ வீட்டில் வைக்கக் கூடாது, தொற்று ரத்தத்தில் ஏறிவிடும். சாதாரண மருந்துகளுக்கு மசியாதவர்களுக்கு நலோக்சிகால், மெத்தில்நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன, குடலில் மட்டும் மார்பினைத் தடுத்து, வலி நிவாரணத்தைக் கெடுக்காதவை. ஆனால் முதல் படியையே யாரும் ஏறாதபோது அதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் சின்ன அளவில். மூட்டு மாற்றிக்கொண்டு டிராமடால் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையுமாக வீட்டுக்கு வருகிறார்கள், நடமாட்டம் இல்லை, பெட்பேனில் உட்காரக் கூச்சம் வேறு. டிராமடாலும் அதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது என்று டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுகிறவருக்குத் தெரியாதா என்ன? அங்கேயே ஒரு வரி சேர்த்தால் போதும். குடலிலேயே அறுவை செய்தவர்கள் மட்டும் தாங்களாக எதையும் வாங்கிப் போடாமல், அறுவை செய்த டாக்டர் சொன்ன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். மற்றவர்கள் சீட்டை வாங்கும்போதே "இதுக்கு மோஷன் மாத்திரை எழுதலையா?" என்று கேட்கலாம். பழகிவிடுமோ என்று சிலர் மலமிளக்கியைத் தொடவே பயப்படுகிறார்கள். வலி மாத்திரை நின்று, மலம் பழையபடி போக ஆரம்பித்ததும் இதையும் நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல்