முதல் ஷீட்டை அனுப்பிவிட்டு இன்னொரு ஷீட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு

வணக்கம்.

எக்செல் ஃபைல் ஒன்றை அனுப்பி, "கணக்கு எங்கேயோ உதைக்கிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல். கேட்பதில் தவறே இல்லை, கேளுங்கள். ஆனால் வந்து சேரும் ஃபைலில் பெரும்பாலும் ஒரே ஒரு ஷீட்தான் இருக்கிறது. கேள்வியோ அதில் இல்லாத ஷீட்டைப் பற்றியது.

முழு ஃபைலையும் அனுப்பிவிட்டதாகத்தான் உங்களில் பலர் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் சி.எஸ்.வி. ஒரு ஃபைலை `.csv` ஆகச் சேமித்தால், அந்த நேரத்தில் திரையில் திறந்திருக்கும் ஷீட் மட்டுமே போகும். மற்ற ஷீட்கள் போகாது, ஃபார்முலாக்களும் போகாது. எக்செல் ஓர் எச்சரிக்கை காட்டும்தான், அதைப் படித்துவிட்டு ஓகே தட்டுகிறவர்கள் எத்தனை பேர்? பி.டி.எஃப். ஆக்கும்போதும், ஆப்ஷன்ஸில் போய் முழு வொர்க்புக்கையும் தேர்ந்தெடுக்காவிட்டால், திறந்திருக்கும் ஷீட்தான் போகும். ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு ஃபைலில் `Summary`, `Sales` என்று இரண்டு ஷீட்கள். `Sales`-இல் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி: B பத்தியில் மாதம், D பத்தியில் தொகை. `Summary`-இல் மாதவாரிக் கூட்டல். அங்கே A4-இல் "மார்ச்" என்று இருக்கிறது, பக்கத்தில் B4-இல் இந்த ஃபார்முலா:

```
=SUMIFS(Sales!D:D,Sales!B:B,A4)
```

வர வேண்டியது 52,750. வருவது 48,250. கேள்வி: "4,500 எங்கே போயிற்று?" கூடவே `Summary` மட்டும் சி.எஸ்.வி.யாக இணைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்தால் எனக்குத் தெரிவது இவ்வளவுதான்:

```
மார்ச்,48250
```

ஃபார்முலாகூட இல்லை, வெறும் எண். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பார்கள். நீங்கள் அனுப்பியிருப்பது அகப்பையை மட்டும்.

இந்த 4,500 விடுபட இரண்டு காரணங்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒன்று, `Sales`-இன் ஏதோ ஒரு வரியில் 4500 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருக்கலாம். வேறொரு மென்பொருளிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கும். கண்ணுக்கு எண் போலவே இருக்கும், ஆனால் SUMIFS அதைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும். இன்னொன்று, அந்த வரியில் "மார்ச்" என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். நமக்கு இரண்டும் ஒன்றுதான், எக்செல்லுக்கு வேறு வேறு.

எது என்று கண்டுபிடிக்க நிமிட நேரம் போதும். சந்தேகப்படும் வரி 17 என்றால், `Sales`-இல் காலியான இரண்டு செல்களில் இவற்றைத் தட்டுங்கள்:

```
=ISNUMBER(D17)
=LEN(B17)
```

முதலாவது FALSE என்றால் தொகை எழுத்தாக இருக்கிறது. இரண்டாவது 6 என்று வர வேண்டும். "மார்ச்" பார்வைக்கு மூன்று எழுத்து, ஆனால் எக்செல் துணைக்காலையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணும். 7 வந்தால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் `Sales` கையில் இருந்தால்தான். இல்லாதவர் ஊகித்துத்தான் பதில் சொல்வார். நீங்களும் அதை நம்பி, சரியாக இருக்கிற ஃபார்முலாவைப் பிரித்து மேய்வீர்கள்.

"சரி, அப்படியானால் `Sales`-ஐயும் சி.எஸ்.வி.யாக அனுப்புகிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். எழுத்தாக இருக்கும் 4500-ம் எண்ணாக இருக்கும் 4500-ம் சி.எஸ்.வி.க்குள் ஒரே மாதிரிதான் எழுதப்படும். நான் அதை எக்செல்லில் திறக்கும்போது இரண்டுமே எண்ணாகிவிடும். என் பக்கம் கூட்டல் கச்சிதமாக 52,750 காட்டும், "உங்கள் ஃபைலில் பிரச்சினையே இல்லையே" என்று நான் எழுதுவேன், நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். சரியான ஷீட் வந்தும் நோய் வழியிலேயே குணமாகிவிட்டது!

இன்னும் சிலர் `Summary`-ஐ மட்டும் புதிய ஃபைலுக்குக் காப்பி செய்து அனுப்புகிறார்கள். வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக் கூடாது என்ற கவலை, அது நியாயமானதே. ஆனால் ஃபார்முலா இப்போது உங்கள் பழைய ஃபைலைச் சுட்டும்: `[Accounts.xlsx]Sales` என்று சதுர அடைப்புக்குறியோடு நிற்கும். அந்த ஃபைல் என்னிடம் கிடையாது. மூல ஃபைல் திறந்திராதபோது SUMIFS-ஐ மறுபடி கணக்கிட வைத்தால் #VALUE! வரும், உங்களிடம் இல்லாத ஒரு பிழையை நான் துரத்திக்கொண்டிருப்பேன். ரகசியமாவது காக்கப்படுகிறதா என்றால் அதுவும் உறுதியில்லை. வழக்கமான அமைப்பில், இப்படிச் சுட்டப்படும் செல்களின் மதிப்புகளை எக்செல் புதிய ஃபைலுக்குள் ஒரு நகலாகச் சேமித்து வைக்கும். ஷீட்டை ஒளித்து வைத்து அனுப்புவதும் வீண்தான், ரைட் கிளிக் செய்து அன்ஹைட் கொடுத்தால் வந்துவிடும்.

எனவே நான் கேட்பது இதுதான். ஃபைலை வேறு பெயரில் `.xlsx` ஆகவே சேமியுங்கள். அந்த நகலில் `Sales` ஷீட்டை அழிக்காதீர்கள், அழித்தால் `Summary` முழுக்க #REF! ஆகிவிடும். தேவையில்லாத வரிகளை மட்டும் நீக்குங்கள். தலைப்பு வரி, ஒழுங்காக இருக்கும் நாலைந்து வரிகள், சந்தேகமான வரி, இவை போதும். வாடிக்கையாளர் பெயர் பத்தியில் க, ங, ச என்று எதையாவது போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மாதத்தையும் தொகையையும் தொடவே கூடாது. குறிப்பாக, "இதையும் சுத்தம் செய்துவிடுவோமே" என்று அந்த 4500-ஐத் திரும்பத் தட்டினால் அது எண்ணாக மாறி, பிழை மறைந்துவிடக் கூடும். எல்லாம் முடிந்ததும் `Summary`-ஐப் பாருங்கள். கூட்டல் இன்னும் குறைகிறதா? குறைந்தால் அனுப்பலாம். குறையவில்லையென்றால் நீங்கள் நீக்கிய வரிகளுக்குள்தான் கோளாறு இருந்தது, பாதி வேலை உங்களுக்கே முடிந்துவிட்டது.

அனுப்புமுன் இணைப்பை ஒருமுறை திறந்து அடியில் பாருங்கள். ஒரே ஒரு ஷீட் பெயர், அதுவும் ஃபைலின் பெயராகவே இருந்தால், அது சி.எஸ்.வி. கேள்வியையும் ஷீட் பெயரோடு எழுதுங்கள். வரிகளை நீக்கியதால் 17ஆம் வரி மேலே நகர்ந்திருக்கும், நகலில் இப்போது இருக்கும் வரி எண்ணையே சொல்லுங்கள்: "`Summary` B4-இல் 4,500 குறைகிறது, `Sales` 7ஆம் வரி சேரவில்லை என்று சந்தேகம்." இவ்வளவு வந்தால் ஃபைலைத் திறந்ததும் நேராக 7ஆம் வரிக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஃபைல்களைத் திறந்து பார்ப்பவர்களில் ஒருவன்