ஸ்டோரேஜ் ஃபுல்னு வர்ற போனை க்ளீன் பண்ணித் தர்ற சர்வீஸ் கடை அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணே, வணக்கம். எங்க அக்கா வீட்லயே ப்ளவுஸ் தைக்கிறாங்க. கஸ்டமர் எல்லாம் வாட்ஸ்அப்லதான், பேக் நெக் டிசைன் போட்டோ ஒண்ணு அனுப்புவாங்க, கூடவே "அக்கா அந்த பழைய அளவுதான், கழுத்து இறக்கம் மட்டும் அரை இன்ச் கம்மி பண்ணிருங்க"னு ஒரு வாய்ஸ் நோட். அவ்ளோதான் ஆர்டர். அக்காவுக்கு தனியா நோட்டுப் புத்தகம் கிடையாது, அந்த சாட்தான் நோட்டு.

போன ஆவணி முகூர்த்த சமயத்துல போன் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஸ்டோரேஜ் ஃபுல்னு வருதுனு ஒரு கடைல கொடுத்தாங்க. அந்த அண்ணன் ஒரு க்ளீனர் ஆப்பை ஏத்தி, ஸ்கேன் பண்ணி, பெரிய பச்சை பட்டனை அமுக்கி, பத்து நிமிஷத்துல "நாலு ஜிபி குப்பை எடுத்துட்டேன்கா"னு கொடுத்துட்டாரு. ராத்திரி துணிய வெட்ட உக்காந்து சாட்டை திறந்தா போட்டோ எல்லாம் மங்கலா ஒரு கட்டமா நிக்குது, தொட்டா இந்த ஃபைல் போன்ல இல்லை, திரும்ப அனுப்பச் சொல்லுங்கனு வருது. வாய்ஸ் நோட்டும் ஓடல. மெசேஜ் ஒண்ணும் போகல பாருங்க, அதனாலதான் உங்க கண்ணுக்கும் தப்பா தெரியல. மெசேஜும் அந்த மங்கல் படமும் வாட்ஸ்அப்போட டேட்டாபேஸ்ல இருக்கு, அசல் போட்டோவும் ஆடியோவும் தனித்தனி ஃபைலா வெளிய இன்னொரு ஃபோல்டர்ல கிடக்கு, க்ளீனர் எடுத்தது அதைத்தான்.

அந்த ஃபோல்டர் எதுன்னு சொல்லிடறேன். ஆண்ட்ராய்டு 11க்கு அப்புறம் வந்த போன்ல பொதுவா இதான்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/
```

உள்ள WhatsApp Images, WhatsApp Video, WhatsApp Documents, WhatsApp Voice Notes-னு தனித்தனியா இருக்கும். வாய்ஸ் நோட் வருஷம் பிளஸ் வாரம்னு பேர் போட்ட குட்டி ஃபோல்டருக்குள்ள போகும், உதாரணத்துக்கு 2025 ஆகஸ்ட் 25 அன்னைக்கு வந்தது 202535-க்குள்ள PTT-20250825-WA0007.opus மாதிரி இருக்கும். க்ளீனர் ஆப்புக்கு இது யாரோ ஒருத்தரோட அளவுன்னு எப்படி தெரியும், ரொம்ப நாளா யாரும் திறக்காத, புரியாத பேர் வச்ச ஃபைல், அதை "வாட்ஸ்அப் குப்பை", "கேச்"னு ஒரு தலைப்புல போட்டு டிக்கும் அதுவே போட்டு வச்சிருது. ஆனா கேச்ங்கறது வேற அண்ணே. கேச்னா அழிச்சா ஆப் தானே திரும்ப உண்டாக்கிக்கும். இந்த மீடியாவை வாட்ஸ்அப்பால உண்டாக்க முடியாது, நாம டவுன்லோட் பண்ணி முடிச்ச பழைய ஃபைலை அவங்க சர்வர்ல காலத்துக்கும் வச்சிருக்க மாட்டாங்க.

Sent-ங்கற ஃபோல்டர்லயும் இதே கதைதான். நாம அனுப்பினதோட காப்பிதானேனு க்ளீனர் டூப்ளிகேட் கணக்குல தூக்கிரும், அப்புறம் நாம அனுப்பின பில்லு, கொட்டேஷன் நம்ம சாட்லயே திறக்காது. அழிச்சாலும் பரவால்லனு நான் சொல்றது .Statuses ஒண்ணுதான், அது நாம பார்த்து முடிச்ச அடுத்தவங்க ஸ்டேட்டஸ்.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். ஸ்கேன் முடிஞ்சதும் பட்டனை அமுக்காதீங்க. ஒவ்வொரு வரிசைக்குப் பக்கத்துலயும் ஒரு அம்பு இருக்கும், அதை தொட்டு ஃபைல் லிஸ்ட்டை விரிச்சு, ஏதாவது நாலு ஃபைலை அழுத்திப் பிடிச்சு அதோட பாத் என்னன்னு பாருங்க. com.whatsapp-னு தெரிஞ்சாலோ, பேர் IMG-, VID-, PTT-ல ஆரம்பிச்சு நடுவுல WA0007 மாதிரி WA-வும் நம்பரும் வந்தாலோ அந்த வரிசையோட டிக்கை எடுத்துருங்க. பாத்தே காட்டாத ஆப்பு, மொத்தம் இத்தனை ஜிபினு மட்டும் சொல்ற ஆப்பு, அதை கஸ்டமர் போன்ல ஏத்தவே வேணாம். எனக்கு அதுல ரெண்டாவது கருத்தே கிடையாது.

நீங்க வழக்கமா யூஸ் பண்ற ஆப் எப்படின்னு தெரிஞ்சுக்க உங்க ஸ்பேர் போன்ல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. உங்களுக்கே ரெண்டு வாய்ஸ் நோட், ஒரு போட்டோ, ஒரு பிடிஎஃப் அனுப்பிக்கிட்டு ஃபைல் மேனேஜர்ல WhatsApp Voice Notes ஃபோல்டர் விவரத்துல மொத்தம் எத்தனை ஃபைல்னு எழுதி வச்சுக்கோங்க, க்ளீனரை ஓட்டுங்க, திரும்ப எண்ணுங்க. குறைஞ்சிருந்தா பதில் கிடைச்சிருச்சு. இன்னைக்கு வந்த ஃபைலை விட்டுட்டு பழசை மட்டும் எடுக்கற ஆப்பும் இருக்கும், அதனால பழைய மாச ஃபைல் இருக்கற போன்ல பண்ணாத்தான் சரியா தெரியும்.

இன்னொன்னு, வேலை முடிஞ்சு போனை கொடுக்கறப்ப அந்த ஆப்பை உள்ளயே விட்டுட்டுப் போயிடறீங்க. செட்டிங்ஸ்ல Special app access-குள்ள All files access-னு ஒரு பக்கம் இருக்கு, க்ளீனருக்கு அங்க அனுமதி ஆன்ல இருந்தா ஆட்டோ க்ளீன்னு அது தானாவே அடுத்த வாரமும் கைய வைக்கலாம். ஆஃப் பண்ணிட்டு ஆப்பையும் எடுத்துட்டு கொடுங்க.

இடம் வேணும்னா வாட்ஸ்அப்புக்குள்ளயே வழி இருக்கு. Settings, Storage and data, Manage storage. அங்க 5 எம்பிக்கு மேல உள்ளதும், நிறைய தடவை ஃபார்வர்ட் ஆனதும் தனியா நிக்கும், திறந்து பார்த்து கஸ்டமரையே கேட்டு அழிக்கலாம். குட் மார்னிங் வீடியோவும் குரூப்ல வந்த சினிமா க்ளிப்பும்தான் ஜிபி கணக்குல அடைச்சுக்கிட்டு இருக்கும். ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் சாதாரணமா கால் எம்பி கூட வராது, ஆயிரம் வாய்ஸ் நோட் அழிச்சாலும் ஒரு நல்ல வீடியோ அளவு இடம்தான் கிடைக்கும். அதுக்காக அளவெல்லாம் போகணுமா அண்ணே?

போயிட்டா என்ன பண்றதுன்னும் சொல்றேன், ஏன்னா அழுதுக்கிட்டு முதல்ல உங்ககிட்டதான் வருவாங்க. முதல்ல அந்த க்ளீனரோட ட்ராஷ், அப்புறம் ஃபைல் மேனேஜர் ட்ராஷ் பாருங்க. வாய்ஸ் நோட் கேலரில காட்டற ஃபைலே இல்ல, அதனால கேலரி ட்ராஷ்ல அதை தேடாதீங்க. அடுத்து Chat backup-ல கூகுள் அக்கவுண்ட்டுக்கு கடைசியா பேக்கப் போன தேதி பாருங்க. க்ளீன் பண்ணினதுக்கு முந்தின தேதின்னா உடனே ஆட்டோ பேக்கப்பை ஆஃப்ல போடுங்க, இல்லன்னா ராத்திரி புது பேக்கப் பழசு மேல ஏறிரும். அந்த பேக்கப்ல இருந்து ரீஸ்டோர் பண்ணா மீடியா வரும், ஆனா அந்த தேதிக்கு அப்புறம் வந்த மெசேஜ் போயிரும், அதை கஸ்டமர்கிட்ட சொல்லிட்டே பண்ணுங்க. வீடியோவை பேக்கப்ல சேர்க்கற ஆப்ஷன் ஆஃப்ல இருந்திருந்தா வீடியோ வராது.

எங்க அக்கா போன்ல பேக்கப்பே போட்டிருக்கல. அனுப்பினவங்க போன்ல அந்த வாய்ஸ் நோட் இருக்கும்ல, அதனால ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "திரும்ப ஃபார்வர்ட் பண்ணுங்க"னு கேட்டாங்க, பதினோரு பேர்ல எட்டு பேர் அனுப்பிட்டாங்க. மூணு பேர் அழிச்சிட்டாங்க, அவங்க அளவு ப்ளவுஸை திரும்ப வீட்ல போய் வாங்கிட்டு வந்து, ரெண்டு ராத்திரி முழிச்சு தைச்சு கொடுத்தாங்க. கடைக்காரர் மேல அக்காவுக்கு கோவம் இல்ல, அவருக்கும் தெரியாதுனு சொன்னாங்க. தெரியணும்னுதான் நான் இதை எழுதறேன், அடுத்த போன் உங்க கைக்கு வர்றப்ப பச்சை பட்டனுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்டை ஒரு தடவை விரிச்சு கஸ்டமர்கிட்டயும் காட்டிருங்க அண்ணே.