நம்மவர் கடையில் சான்றிதழ் கேட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் விழா ஏற்பாடுகள் பற்றி எழுதியவர், "நம்மவர் கடையிலேயே வரிவிலக்குச் சான்றிதழ் கேட்டு நிற்க வைத்துவிட்டார்கள்" என்று வருத்தப்பட்டிருந்தார். அந்தக் கடை என்னுடையது இல்லை. ஆனால் டெக்சஸில் பன்னிரண்டு வருடமாக டி-ஷர்ட்டும் பேனரும் அச்சடித்துக் கொடுக்கிறவன் என்பதால், அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நானும் ஒருமுறை கேட்காமல் விட்டவன்தான். ஒரு அமைப்புக்கு 120 டி-ஷர்ட், 1,200 டாலர். 8.25 சதவீதப்படி 99 டாலர் விற்பனை வரி சேர்த்திருக்க வேண்டும். "நாங்கள் லாப நோக்கமில்லாத அமைப்பு, அண்ணா" என்று ஐஆர்எஸ் கொடுத்த 501(சி)(3) கடிதத்தைக் காட்டினார்கள். சரி என்று வரியில்லாமல் பில் போட்டேன். அந்தக் கடிதம் மத்திய வருமான வரிக்கானது. மாநில விற்பனை வரிக்கு அதைக் காட்டி, மாநில வரியைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து விலக்கு வாங்க வேண்டும். அவர்கள் வாங்கவே இல்லை. தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பில்லை எடுத்து வைத்து "சான்றிதழ் எங்கே?" என்றார். அமைப்பில் பொறுப்பாளர்கள் மாறியிருந்தார்கள். புதியவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுவிட்டார். வாங்காத வரியை அபராதம், வட்டியோடு நான் கட்டினேன். உங்கள் இதழில் அதை யாரும் எழுதவில்லை.

சான்றிதழ் என்று நாங்கள் கேட்பது, வாங்குபவர் நிரப்பித் தரும் 01-339 என்ற ஒரே ஒரு தாள். முன்பக்கம் வாங்கி விற்பவர்களுக்கு, பின்பக்கம் விலக்கு உள்ளவர்களுக்கு. பலர் முன்பக்கத்தை நிரப்பிவிட்டு, அங்கே கேட்கும் 11 இலக்க எண்ணைத் தேடி அலைகிறார்கள். பின்பக்கத்துக்கு எண்ணே வேண்டாம், அந்தத் தாளிலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பெயர், முகவரி, என்ன பொருள், எதனால் விலக்கு, கையெழுத்து, தேதி, இவ்வளவுதான். அமைப்பின் பெயர் கம்ப்ட்ரோலர் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். நல்லெண்ணத்தோடு அந்தத் தாளை வாங்கி வைத்திருந்தால் வரிப் பொறுப்பு கடைக்காரன் தலையில் விழாது. அதற்காகத்தான் கேட்கிறோம், யாரையும் சந்தேகப்பட்டு இல்லை.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு வந்து சனி காலை பேனர் கேட்டாலும் செய்கிறோம். பணம் மூன்று மாதம் கழித்து வந்தாலும் வாய் திறப்பதில்லை. மலரில் விளம்பரம் கேட்டு வரும்போது மட்டும் எங்கள் கடை நம்மவர் கடை. ஒரு கையெழுத்து கேட்டால் கறாரான கடை. உங்களுக்கும் இது தெரியாததில்லை. மலர் அச்சடித்த வகையில் நீங்களும் இதே தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறீர்கள்.

சங்கங்களுக்கான பக்கத்தில் ஒரு வரி மட்டும் போடுங்கள்: ஆர்டர் கொடுக்கும்போதே நிரப்பிய 01-339 தாளையும் சேர்த்து அனுப்பவும்.

இப்படிக்கு,
ஒரு அச்சகக்காரர், ஹூஸ்டன்