மின்னோட்டவியல் பாடம்: ஒலிப்பதிவு செய்வோர் கவனத்திற்கு

நண்பர்களே, பார்வையற்ற மாணவர்கள் கேட்டுப் படிப்பதற்காகப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தை உங்கள் குரலில் பதிவு செய்யும் முன் ஒருமுறை முழுசா வாசித்துவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது சூத்திரத்தில்தான். 1/R₁ + 1/R₂ என்பதை "ஒன்று பை ஆர் ஒன்று பிளஸ்..." என்று ஓட்டினால், முழுக் கூட்டலும் பின்னத்தின் கீழே இருப்பதாகக் கேட்கும், விடையே மாறிவிடும். இப்படிப் படியுங்கள்: "பின்னம் தொடக்கம், மேலே ஒன்று, கீழே ஆர் கீழ்க்குறி ஒன்று, பின்னம் முடிவு. கூட்டல். பின்னம் தொடக்கம், மேலே ஒன்று, கீழே ஆர் கீழ்க்குறி இரண்டு, பின்னம் முடிவு." இழுவையாகத் தோன்றும், பரவாயில்லை, வேகத்தைக் கேட்பவர் கூட்டிக்கொள்வார்.

மின்சுற்றுப் படத்தை "படத்தில் காண்க" என்று தாண்டாதீர்கள். மின்கலத்தின் நேர்முனையில் தொடங்கி, கம்பி போகும் வழியிலேயே சொல்லுங்கள்: சாவி, அம்மீட்டர், மின்தடை, திரும்ப எதிர்முனை. மின்தடைக்குப் பக்க இணைப்பில் வோல்ட்மீட்டர். படத்தின் நிறம், அழகு வேண்டாம். "படம் தொடக்கம்", "படம் முடிவு" என்பது கட்டாயம்; இல்லையென்றால் உங்கள் விளக்கம் எது, பாடம் எது என்று தெரியாது.

ஒவ்வொரு பக்கமும் மாறும்போது பக்க எண் சொல்லுங்கள். வகுப்பில் ஆசிரியர் பக்கம் சொல்லித்தான் நடத்துவார்.

ஃபேன் ஓடினால் இரைச்சல் விழும். சென்னை வெயிலில் அணைத்துவிட்டு உட்கார முடியாது; விடியற்காலை ஐந்து மணிக்கு, தண்ணீர் லாரி வருவதற்குள் பத்துப் பத்து நிமிடமாக முடியுங்கள். போன் வாய்க்கு நேராக வேண்டாம், ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் 'புஃப்' என்று காற்று அடிக்கும்.

ஒரு தலைப்புக்கு ஒரு கோப்பு. பெயர் `01.mp3`, `02.mp3` என்றே. வெறும் 1, 2 என்று வைத்தால் சில போன்களில் 1-க்கு அடுத்து 10 ஓடும்.