கிளாசுக்குள் இருக்கிற கறுப்புச் சிலந்தி

அன்பு மகளுக்கு,

சிட்னியில் உன் புது வீட்டில் கண்ட சிலந்திகள் என்று நீ அனுப்பின நாலு படமும் பார்த்தேன். போனில் அவசரமாக "கிளாசைத் தூக்க வேண்டாம், மேலே ஒரு புத்தகத்தை வை" என்று மட்டும்தான் சொன்னேன். நீ பதறிப்போய் இருந்தாய், நானும் கத்தினேன். அம்மா பின்னால் நின்று "பிள்ளையைப் பயப்படுத்தாதையுங்கோ" என்று என்னைப் பேசினா. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். சிட்னியில் இருபத்தேழு வருஷம் வீடு வீடாகப் பூச்சி மருந்து அடித்தவன் நான். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் சிலந்திப் படம் வந்தால் கை சும்மா இருக்காது.

முதலில் அந்தக் கடைசிப் படம். உடுப்புத் தோய்க்கிற அறையின் நிலத்தில் கிடந்த கறுப்பன். நீ பெயரைக் கேட்டாய். உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தை மட்டும் வைத்து என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. பிளாஷ் போட்டு மேலிருந்து எடுத்திருக்கிறாய். பிளாஷ் வெளிச்சத்தில் எந்தக் கறுப்புச் சிலந்தியும் எண்ணெய் பூசின மாதிரித்தான் மினுங்கும். ஆபத்தான இனத்துக்கு "மினுக்கம்" ஒரு அடையாளம் என்று எல்லாரும் படித்து வைத்திருப்பதால் பாதிப் பேர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். அதனால்தான் பிளாஷை நிறுத்தி, நிலத்தோடு போனைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இன்னொன்று எடுக்கச் சொன்னேன். மருமகன் கிளாசால் மூடின பிறகுதான் சொன்னேன் என்பதையும் மறக்காதே. திறந்த சிலந்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து படம் எடுக்கிற வேலை வேண்டாம்.

பக்கவாட்டில் எடுத்த அந்தப் படத்தில் மூன்று விஷயம் தெரிந்தது. தலையும் நெஞ்சும் சேர்ந்த முன்பகுதியில் மயிர் இல்லை, பிளாஷ் இல்லாமலே பளபளப்பு. வயிறு மட்டும் மங்கின கறுப்பு. பின்பக்கத்தில், நூல் விடுகிற இடத்தில், இரண்டு சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த விரல்களைத்தான் நான் தேடினேன். ட்ராப்டோர் என்று ஒரு மண்ணிறச் சிலந்தி, இதே கட்டை உடம்போடு அதே காடுகளில் இருக்கும். அதற்கு அந்த உறுப்பு குட்டையாக, மொட்டை மாதிரி இருக்கும். நீளமாக விரல் போல இருந்தால் ஃபனல்-வெப், நான் சொன்ன ஆபத்தான இனம். உன் வீட்டில் கிடந்தது அதுதான். அளவுக்கு உன் தரை ஓடு உதவியது. ஓடு முப்பது சென்டிமீட்டர் என்று நீ சொன்னாய், அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் உடம்பு மட்டும் இரண்டரைச் சென்டிமீட்டர் வரும்.

இரண்டாவது காலில் ஒரு முள் போன்ற புடைப்பு இருந்தால் ஆண் என்று அடித்துச் சொல்லலாம். உன் படத்தில் கால் மடங்கிக் கிடந்ததால் அது தெரியவில்லை. ஆனாலும் நான் ஆண் என்றே நினைக்கிறேன். பெண் தன் வளையை விட்டு லேசில் வராது. ஆண்தான் கோடையிலும் அதற்குப் பிறகும் மழை பெய்து புழுங்குகிற இரவுகளில் பெண்ணைத் தேடி அலையும், விடியும்போது ஈரமான இடம் தேடி வீட்டுக்குள் நுழையும். மூன்று நாள் மழை, கதவுக்குக் கீழே விரல் நுழைகிற இடைவெளி, பின்னால் காடு. டூங்காபி ஃபிளாட்டில் எட்டு வருஷம் இருந்த உனக்கு இது புதிது. ஹோர்ன்ஸ்பிப் பக்கம் வளவோடு வீடு வாங்கினவர்களுக்குப் பழசு. அலைகிற அந்த ஆணின் விஷம்தான் மனிசருக்குக் கூடுதல் ஆபத்து. பெண்ணினது அவ்வளவு இல்லை.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. சிட்னி ஃபனல்-வெப் கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அதெல்லாம் 1981இல் விஷமுறிவு மருந்து வருவதற்கு முன்னர். அதற்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை. ஆனால் அந்த மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, உன் குசினி லாச்சியில் இல்லை. ஆகவே இப்படி ஒரு கட்டைக் கறுப்புச் சிலந்தி யாரையாவது கடித்தால், படம் எடுத்து எனக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. ஃபனல்-வெப்பா, ட்ராப்டோரா, மௌஸ் ஸ்பைடரா என்று பிரித்துப் பார்க்கவும் தேவையில்லை. பெரிய கறுப்பு என்றாலே ஃபனல்-வெப் என்று எடுத்துக்கொள். மௌஸ் ஸ்பைடர் கடித்தாலும் அதே முதலுதவிதான்.

கடிபட்டவரை இருந்த இடத்திலேயே இருத்து, நடக்க விடாதே. ஒருவர் அம்புலன்சுக்கு 000 அடிக்க, மற்றவர் இழுபடுகிற அகலமான பண்டேஜால் முதலில் கடித்த இடத்தை மூடிச் சுற்ற வேண்டும். பிறகு விரல் பக்கத்தில் தொடங்கிக் கை அல்லது கால் முழுவதும் மேலே வரை சுற்று. கால் சுளுக்கினால் கட்டுகிற அளவு இறுக்கம் போதும், விரல் நீலமாகிறது என்றால் கூடிவிட்டது. பிறகு ஒரு தடி, மரக்கரண்டி, எதையாவது வைத்து அசையாதபடி கட்டு. கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். வாயைச் சுற்றி விறுவிறுப்பு, வியர்வை, கண்ணீர், வாயூறல், தசை துடிப்பு, இதெல்லாம் பெரும்பாலும் அரை மணிக்குள் தொடங்கும். அது வரும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் முதலிலேயே கட்டிவிட வேண்டும்.

கிளாசுக்குள் இருக்கிறதைக் கொல்லாதே. கழுவின ஊறுகாய்ப் போத்தல் ஒன்று எடுத்து, மூடியில் சின்ன ஓட்டைகள் போட்டு, அடியில் ஈர மண் கொஞ்சம் போடு. நீளமான தடியால் தள்ளி உள்ளே விழுத்து, அதை மருமகன் செய்யட்டும், சப்பாத்துப் போட்டுக்கொண்டு. வழவழப்பான கண்ணாடியில் அதற்கு ஏற முடியாது. சொமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க் இவற்றை ஏற்றுக்கொள்ளும். உயிரோடு கொடுத்தால் விஷம் கறந்து அதே மருந்துக்குக் கொடுப்பார்கள். போத்தலை எங்கே ஒப்படைக்கலாம் என்று அவர்களைக் கேட்டால் பக்கத்து இடம் சொல்வார்கள்.

இரண்டாவது படம், முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரைக்குக் கீழே. அது ரெட்பேக், சந்தேகமே இல்லை. உழுந்துக் கொட்டை நிறத்தில், பட்டாணி அளவு வயிறு, முதுகில் சிவப்புக் கோடு. கோடு தெரியாவிட்டாலும் வலை காட்டிக் கொடுத்திருக்கும். கண்டபடி பின்னின வலை, அதிலிருந்து நிலத்துக்கு நேராக இறங்குகிற ஒட்டு நூல்கள், பக்கத்தில் கிரீம் நிறத்தில் இரண்டு முட்டைப் பந்து. அதை நான் ஒருபோதும் மறக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வானின் பின்பக்கம் இரவெல்லாம் கிடந்த கையுறையைத் தட்டாமல் மாட்டினேன். முள் குத்தின மாதிரித்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் நோவு முழங்கைக்கு ஏறி, பிறகு கக்கத்துக்கு வந்து, கடித்த விரலைச் சுற்றி மட்டும் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. மற்ற விரல்கள் காய்ந்தே இருந்தன. நீ அப்போது கைக்குழந்தை, அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை, இனியும் சொல்லாதே.

ரெட்பேக்குக்குப் பண்டேஜ் கட்டாதே. விஷம் மெதுவாகத்தான் பரவும், கட்டினால் நோவுதான் கூடும். துணியில் சுற்றின ஐஸ் வை, விஷத் தகவல் நிலையத்துக்கு 13 11 26 அடித்துக் கேள். நோவு ஏறிக்கொண்டே போனால், அல்லது பிள்ளைக்குக் கடித்தால், நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. கதிரையை இன்றைக்கே தலைகீழாகத் திருப்பி, தும்புத்தடியால் முட்டைப் பந்தையும் வலையையும் துடைத்துச் சப்பாத்தால் மிதி. அந்தத் தபால் பெட்டிக்குள்ளும் ஒரு முறை டோர்ச் அடித்துப் பார்.

மூன்றாவது, யன்னல் சட்டத்தில் இருந்த கறுப்பு. ஃபனல்-வெப் என்று நீ இதற்குத்தான் கூடப் பயந்தாய், வலையில் குழாய் மாதிரி ஓட்டைகள் இருப்பதால். இது வீட்டுக் கறுப்புச் சிலந்தி. ஓட்டை இருக்கிற வலையெல்லாம் ஃபனல்-வெப் இல்லை, மகள். ஃபனல்-வெப் நிலத்தில், கல்லுக்கும் மரத்தடிக்கும் கீழே, ஈரமான வளைக்குள்ளே இருக்கும். வளை வாயிலிருந்து தடக்கு நூல்கள் நாலு பக்கமும் நீளும். யன்னல் மூலையில் பழைய லேஸ் துணி மாதிரி தொங்குகிறது இவளுடைய வேலை. உடம்பும் வெல்வெட் மாதிரி மங்கல்தான். நீ குத்தாமல் விட்டால் அவளும் வெளியே வர மாட்டாள். கடித்தால் நோகும், சிலருக்குக் குமட்டல் வரும், அவ்வளவுதான்.

முதல் படத்தைப் பார்த்து அம்மா "கடவுளே" என்று எழும்பிப் போய்விட்டா. உள்ளங்கை அளவு, சுவரில் தட்டையாக, கால்கள் எல்லாம் நண்டு போல முன்னுக்கு வளைந்து. ஹன்ட்ஸ்மன். இத்தனை வருஷத்தில் என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இதற்காகத்தான் கூப்பிட்டார்கள், நான் காசு வாங்காமல் திரும்பின வீடுகளும் உண்டு. இது கரப்பானைத் தின்கிற சிலந்தி. காரின் வெயில் மறைப்புத் தட்டிக்குள் இருந்து மடியில் விழுந்தால் மட்டும்தான் ஆபத்து, அதுவும் பிரேக்கால் வருகிற ஆபத்து.

பக்கத்து வீட்டுக்காரி சொன்ன வெள்ளை வால் சிலந்திக் கதையையும் கேட்டிருந்தாய், கடித்தால் சதை அழுகும் என்று. 2003இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நிச்சயமாக அந்தச் சிலந்தி கடித்த 130 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் சதை அழுகவில்லை. ஆறாத புண் வந்தால் சிலந்தி என்று முடிவுகட்டி இருக்காமல் டொக்டரிடம் காட்ட வேண்டும், காரணம் வேறாக இருக்கும்.

நீச்சல் தடாகத்தைப் பற்றி ஒன்று. மழைக்குப் பிறகு அடியில் கறுப்பாக ஏதும் சுருண்டு கிடந்தால் செத்தது என்று நினைத்துக் கையை விடாதே. ஃபனல்-வெப் தண்ணீருக்குள் ஒரு நாள் வரை உயிரோடு இருக்கும். வலை போட்டு எடு.

இந்த வாரம் பாமசியில் 10 சென்டிமீட்டர் அகல இழுபண்டேஜ் மூன்று வாங்கு. ஒன்று உடுப்புத் தோய்க்கிற அறையில், ஒன்று காரில், ஒன்று பேத்தியின் பள்ளிப் பை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். வெளியே கிடக்கிற சப்பாத்தைத் தட்டிப் போடுவதற்கு அவளைப் பழக்கு. நிலத்தில் ஈரத் துவாயைப் போட்டு வைக்க வேண்டாம். அந்தக் கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டி ஒட்ட மருமகனுக்கு அரை மணி நேரம் போதும், சனிக்கிழமை வரை தள்ளாமல் இன்றைக்கே ஒட்டச் சொல்லு.

அன்புடன்,
அப்பா